கேன் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது

வாசகர் கேள்வி

"வயது 43. பழைய வண்ணாரப்பேட்டையில் தண்ணீர் கேன் போடும் தொழில். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும், முதல் லோடு. தரையில் இருந்த 20 லிட்டர் கேனைக் குனிந்து தூக்கி, அப்படியே திரும்பி வண்டியில் வைக்கப் போனேன். இடுப்பில் சுரீர் என்று ஒரு குத்து. அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். நிமிர முடியவில்லை, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டேன். இன்று நான்காவது நாள், பாயில் படுத்தே கிடக்கிறேன். நேற்றிலிருந்து இடது பிட்டத்தில் ஆரம்பித்து கெண்டைக்கால் வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கிறது. அம்மா சுளுக்கு எடுப்பவரைக் கூப்பிடச் சொல்கிறார். மச்சான், டிஸ்க் விலகிவிட்டது, உடனே ஸ்கேன் எடு என்கிறார். ஒரு ஊசி போட்டால் வேலைக்குப் போய்விடலாமா? பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தத் தொழிலையே விட்டுவிட வேண்டியதுதானா?"

பதில்

வணக்கம். வலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். சிறுநீர் எப்படிப் போகிறது? கடிதத்தில் நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. நிமிர முடியாத வலியில் கிடக்கும்போது ஒண்ணுக்குப் போவதைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் கிளினிக்குக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் என் முதல் கேள்வி இதுதான். இடுப்பு வலியில் எது ஆபத்து, எது பொறுத்திருந்தால் சரியாகும் என்பதை வலியின் அளவு சொல்லாது. கத்த வைக்கிற வலி பெரும்பாலும் ஆறிவிடும். சத்தமே இல்லாமல் வருகிற மரத்துப்போதல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

தண்டுவடம் இடுப்பு வரைக்கும் வருவதில்லை. கடைசி விலா எலும்புக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாக, குதிரை வால் மாதிரி தொங்குகின்றன. கால்களுக்கும், மூத்திரப் பைக்கும், ஆசனவாய்க்கும், பிறப்புறுப்புக்கும் போகிற நரம்புகள் எல்லாம் அந்தக் கொத்தில்தான் இருக்கின்றன. முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கின் பெரிய துண்டு ஒன்று பிதுங்கி அந்தக் கொத்தையே நடுவில் அழுத்தினால், அது மணிக்கணக்கில் செயல்பட வேண்டிய அவசரம். இது அரிது. ஆனால் தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகக்கூடும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நோயாளியைப் பார்த்தேன். காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். ஐந்து நாள் துடித்திருக்கிறார், ஆறாவது நாள் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அவருக்கு மட்டும் ஒரு சந்தேகம், சொல்லக் கூச்சம்: மலம் கழித்துவிட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியவில்லை. சிறுநீரும் வயிற்றை அமுக்கினால்தான் வந்தது. வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காததால் இருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டார். வலி குறைந்ததற்குக் காரணம் நரம்பு மரத்ததுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கிறார். சிறுநீருக்கு மட்டும் இன்றும் டியூப் போட்டுத்தான் எடுக்கிறார்.

இன்றே, இரவானாலும், போக வேண்டிய நிலை

- சிறுநீர் நிறைந்த உணர்வே இல்லாமை, முக்கினாலும் வராமை, தெரியாமலே கசிதல், அல்லது மலம் அடங்காமை.
- சைக்கிள் சீட்டில் படுகிற இடம், அதாவது ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போதல்.
- வலியோ மரப்போ இரண்டு கால்களிலும் வருதல், அல்லது கால் வலு குறைந்துகொண்டே போதல்.

இதில் ஒன்று இருந்தாலும் காலை ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. உட்கார முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அங்கே போய் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் அதைச் சொல்கிறார்கள். "கழுவும் இடத்தில் உணர்ச்சி இல்லை, சிறுநீர் வரவில்லை" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உங்களை எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

கடும் வலியிலும் சில வலி மாத்திரைகளாலும்கூடச் சிறுநீர் சிரமமாகப் போவதுண்டு. அது எந்த வகை என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் ஒரு ராத்திரி தூக்கம்தான் நஷ்டம்.

இந்த மூன்றையும் போல மணிக்கணக்கு இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாத சிலவும் உண்டு. வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் குறையாமல் ராத்திரியில் எழுப்பும் வலி இருந்தால், முதுகெலும்புக் காசநோய் உட்படப் பலவற்றைப் பார்க்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், குடத்தைத் தூக்கியதும் முதுகு பிடித்துக்கொண்ட வயதான அம்மாக்கள் எல்லாம் ஓரிரு நாளில் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். வயதானவர்களின் எலும்பு அந்தச் சின்னப் பாரத்துக்கே நசுங்கியிருக்கலாம். உங்கள் கதை அப்படி இல்லை. நல்ல உடம்பு, தூக்கிய நொடியில் வந்த வலி.

அந்தக் காலில் வருகிற கரண்ட்

பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுப்பது, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் ஒரு நரம்பு உறுத்தப்படுவதைக் காட்டுகிறது. ஒரு காலில் மட்டும், வலியாக மட்டும் இருந்தால் அது அவசரம் கிடையாது. ஆனால் காலின் வலுவைத் தினமும் பார்க்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நான்கு அடி நடந்து பாருங்கள், அப்புறம் நுனிக்காலில் நான்கு அடி. இடது கால் வலது காலைப் போலவே தூக்கி நிற்கிறதா? உட்கார்ந்துகொண்டு இரண்டு கட்டைவிரல்களையும் மேல்நோக்கித் தூக்குங்கள், மனைவியை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இடது விரல் சுலபமாக மடங்கினாலோ, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுந்தாலோ, பாதம் தரையில் தட்டினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். இந்தச் சோதனையைக் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை செய்தால் போதும். மணிக்கு மணி பார்த்தால் பயம்தான் வளரும்.

என்னதான் ஆகியிருக்கும்?

மச்சான் சொல்கிற "விலகிவிட்டது" என்ற வார்த்தையில் ஒரு தப்பு இருக்கிறது. டிஸ்க் மேலேயும் கீழேயும் எலும்போடு ஒட்டியிருக்கிறது. கேரம் காய் மாதிரி நகர்ந்து போக அதற்கு வழியில்லை. அதைக் கொழுக்கட்டையோடு ஒப்பிடலாம். வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஈரமான பூரணம். வளையத்தில் விரிசல் விட்டால் பூரணம் கொஞ்சம் பிதுங்கி, பக்கத்து நரம்பை உறுத்தும். அப்படிப் பிதுங்கியதைப் பல பேருக்கு உடம்பே சில மாதங்களில் உறிஞ்சிச் சுருக்கிவிடுகிறது. கால் வலி இல்லாத பெரும்பாலானவர்களுக்கு வலி தசையிலா, தசைநாரிலா, டிஸ்க்கிலா என்று துல்லியமாகச் சொல்லவே முடியாது. சிகிச்சையும் அதனால் மாறுவதில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் எலும்பு நகர்ந்ததால் வந்தது கிடையாது. அடிபட்ட இடத்தைக் காக்கத் தசைகள் ஒரு பக்கமாக இறுகிக்கொண்டதுதான்.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ, கேனின் எடை தனி. அதைக் கையை நீட்டி, இடுப்பிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்தீர்கள். அந்தப் பாரத்தை எதிர்த்து இழுக்கிற முதுகுத் தசை, முள்ளெலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. ஏற்ற இறக்கப் பலகையில் ஒருவர் ஓரத்திலும் இன்னொருவர் நடுவுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்த கதை. நடுவுக்குப் பக்கத்தில் இருப்பவர் பத்து மடங்கு பலம் கொடுக்க வேண்டும். அதாவது 200 கிலோ அளவுக்கு இழுவை, குனிந்த உடம்பின் பாரம் சேர்க்காமலே. அதோடு திரும்பியும் இருக்கிறீர்கள். நேரம் வேறு விடியற்காலை ஐந்தரை. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது, அதனால்தான் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கிறோம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் உப்பிய டிஸ்க்கை வளைத்தால், அதே எடைக்கு நார் வளையம் கூடுதலாக இழுபடும். தினமும் நீங்கள் செய்த வேலைதான், ஆனால் அன்றைக்குத் தரை, திருப்பம், நேரம் மூன்றும் சேர்ந்துகொண்டன.

முதல் வாரத்தில் எது உதவும்

பாயில் கிடப்பதுதான் நீங்கள் செய்கிற பெரிய தப்பு. முதல் நாள், அதிகம் போனால் இரண்டாம் நாள் வரை படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசை இறுகி, எழுந்திருப்பதே இன்னும் வலிக்கும். வீட்டுக்குள் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் சரி. வலி கொஞ்சம் கூடி அரை மணியில் அடங்கினால் அதில் கெடுதல் இல்லை. நடந்தாலோ ஏதாவது செய்தாலோ வலி இடுப்பிலிருந்து கீழே, கெண்டைக்காலை நோக்கி இறங்கினால் அதை நிறுத்துங்கள். காலிலிருந்து பிட்டத்துக்கும் இடுப்புக்கும் ஏறி வந்தால், இடுப்பு அதிகம் வலித்தாலும், பொதுவாக நல்ல அறிகுறி.

வலி முற்றும்போது மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் இருங்கள். ஒருக்களித்துத் தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள். வெறும் தரைதான் முதுகுக்கு நல்லது என்பதும் ஒரு நம்பிக்கைதான். தரையிலிருந்து எழுவது இந்தச் சமயத்தில் பெரும்பாடு, கட்டில் இருந்தால் அதில் படுங்கள். நேராக நிமிர்ந்து எழாமல், உருளை மாதிரி ஒரு பக்கம் திரும்பி, காலைக் கீழே விட்டுக் கையை ஊன்றி எழுங்கள். குளிக்கும் வாளியை ஸ்டூல் மேல் வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டாம். குத்துக்கால் போட்டு உட்காரும் கழிவறை என்றால், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கடைகளில் கிடைக்கும், இரண்டு வாரத்துக்கு வாங்கிப் போடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும். மரத்த இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது, சுட்டாலும் தெரியாது.

இனி மாத்திரை. அந்த செட் மாத்திரையை நிறுத்துங்கள். அட்டை இல்லாமல், பொட்டலத்தில் மடித்துக் கொடுப்பதில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. ஒரே வலி மருந்து இரண்டு பெயரில் இருக்கலாம், ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். இந்த வலிக்கு நாங்கள் பொதுவாகத் தருவது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் போன்றவற்றில் ஏதாவது ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து நாள் போல. ஆனால் உங்களுக்கு பிபி இருக்கிறது. இந்த மருந்துகள் பிபியை ஏற்றும். சில பிபி மாத்திரைகளோடும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அல்சர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இவை ஆகாது. எனவே பிபி மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் காட்டி, பிபியும் பார்த்துவிட்டு, அதன் பிறகே சாப்பிடுங்கள். அதுவரை பாராசிட்டமால் போடலாம். தனியாக அது இடுப்பு வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வே காட்டியது. இருந்தாலும் வேறு வழியில்லாதவருக்கு முயன்று பார்க்கலாம். வலி மாத்திரை பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கும், மேலும் தனியாகப் போட்டு இரட்டிப்பாக்காதீர்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தால் தூக்கம் வரும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

ஊசி? மாத்திரையை விழுங்க முடிகிறவருக்கு ஊசியால் பெரிய லாபம் இல்லை. உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஊசி போட்டால் நான்கைந்து மணி நேரம் வலி தெரியாது, அந்த மணி நேரத்தில் நாற்பது கேன் தூக்கிவிடுவீர்கள்.

சுளுக்கும் ஸ்கேனும்

அம்மாவின் மனதை நோகடிக்க வேண்டாம். எண்ணெயைச் சூடு பண்ணி மெல்லத் தடவச் சொல்லுங்கள், இதமாக இருந்தால் நல்லதுதான். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, முழங்காலை வைத்து அழுத்துவது, 'சொடக்' என்று திருப்புவது இவையெல்லாம் காலில் கரண்ட் இருக்கும்வரை வேண்டவே வேண்டாம். பிதுங்கியதை உள்ளே தள்ள வெளியிலிருந்து யாராலும் முடியாது, இன்னும் கொஞ்சம் பிதுங்க வைக்க முடியும்.

மச்சானிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 1994-இல் இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. ஆகவே நாளைக்கே நீங்கள் ஸ்கேன் எடுத்தாலும் "டிஸ்க் பல்ஜ்" என்று ஏதாவது வர நிறைய வாய்ப்பு உண்டு. அது இந்த வலிக்குக் காரணமா, போன வருடமே இருந்ததா என்று அந்தத் தாள் சொல்லாது. அந்த வார்த்தையைப் படித்துவிட்டு வருடக்கணக்கில் குனியப் பயந்து வாழ்கிறவர்களை நான் பார்க்கிறேன். மேலே சொன்ன அவசர அறிகுறிகள் இருந்தால் எம்.ஆர்.ஐ. உடனே தேவை. காலின் வலு குறைந்தாலும் தேவை. மற்றபடி ஆறு வாரம் ஆகியும் கால் வலி விடவில்லை, முதுகெலும்பில் நரம்புக்குப் பக்கத்தில் போடும் ஊசியோ அறுவை சிகிச்சையோ யோசிக்க வேண்டும் என்றால் எடுக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் டிஸ்க்கும் நரம்பும் தெரியவே தெரியாது, அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

வேலை

தொழிலை விட வேண்டியதில்லை. இடுப்பு வலி மட்டும் என்றால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைகிறது. காலுக்கு இறங்கிய வலி கூடுதல் வாரங்கள் எடுக்கும். மறுபடி எப்போதாவது பிடிக்கவும் வாய்ப்பு உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்படி வந்தால் எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இதே வழிதான்.

நீங்கள் எழுதியது நான்காம் நாள், இதைப் படிக்கும்போது பத்து நாளாவது ஆகியிருக்கும். சட்டை மாட்ட, வண்டியில் உட்கார, பத்து நிமிடம் நடக்க முடிந்தால் வேலைக்குப் போகலாம், கேன் தூக்காமல். முதல் வாரம் ஆர்டர் எடுப்பது, காசு வசூல், காலி கேன் அடுக்குவது. அடுத்த வாரம் கீழ்த்தளத்துக்கு மட்டும் கேன், ஒரு நாளில் வழக்கத்தில் பாதி. மாடிப்படி கடைசியாக. ஒரு கட்டம் பழகிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். கால் வலி திரும்பி வந்தால் ஒரு கட்டம் பின்னுக்கு வாருங்கள்.

"முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கித் தூக்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் இடுப்பு வலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. எழுபதாவது கேனுக்கு யாருக்கும் அது ஞாபகம் இருக்காது என்பது என் எண்ணம். அதைவிட வேலையை மாற்றி அமைப்பது பலன் தரும். குடோனில் கேன்களைத் தரையில் வைக்காமல், இடுப்பு உயரத்துக்குப் பலகை போட்டு அடுக்குங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே ஒவ்வொரு கேனுக்கும் ஒரு குனிதல் மிச்சம். தரையிலிருந்து எடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் தொடைமேல் ஏற்றி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, அப்புறம் தோளுக்கு. இடுப்பைத் திருப்பாமல் பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். எழுந்ததும் முதல் லோடு ஏற்றாமல் டீ குடித்து, காலி கேன் கழுவி, பில் எழுதி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்குங்கள். இடுப்பு பெல்ட் வேண்டுமானால் முதல் இரண்டு வாரம் தூக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். வலி வராமல் தடுக்கிற வேலையை அது செய்யாது.

இரண்டு வாரத்தில் முன்னேற்றமே இல்லையென்றால் டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள். போகும்போது பிபி அட்டையும், அந்த செட் மாத்திரையில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.